உங்கள் நடராஜர் ஆர்டர் தாமதம்: மூன்று வழிகள், சனிக்கிழமைக்குள் உங்கள் முடிவு தேவை

வணக்கம் அம்மா. சுவாமிமலை பட்டறையிலிருந்து செல்வம்.

டிசம்பர் 10-ஆம் தேதி அனுப்புவதாகச் சொல்லியிருந்த உங்கள் 15 அங்குல நடராஜர் அன்றைக்குத் தயாராகாது. ஜனவரி 4, பாப்பாவின் அரங்கேற்றத்துக்கும் முடியாது. வேலை முழுசாக முடிந்து பார்சல் கிளம்ப ஜனவரி 20 ஆகிவிடும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், சாரிடமும் நீங்கள் கலந்து பேச வேண்டியிருக்கும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

பீடத்தையும் திருவாசியையும் தனியாகத்தான் வார்ப்போம். அவை இரண்டும் செதுக்கி முடித்துப் பட்டறையில் இருக்கின்றன. நிற்பது சாமி மட்டும்தான். விரித்த சடையும் அதில் கங்கையுமாக நீங்கள் கேட்டபடி செய்த மெழுகுச் சிலையைப் படத்தில் பார்த்து சரி என்றீர்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, அது காய்ந்ததும் கனமான மண்ணை அப்பினோம். அதோடு மழை பிடித்துக்கொண்டது. இன்னும் வெயிலே சரியாக அடிக்கவில்லை. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை.

அந்த ஈரத்தோடு உருக்கிய ஐம்பொன்னை ஊற்றினால் நீர் ஆவியாகி அச்சு வெடிக்கும். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஆபத்து. வெடிக்காமல் தப்பினாலும் சிலையில் பொத்தல் விழும். தீ மூட்டிக் காயவைக்கலாமே என்று சார் கேட்கக்கூடும். மண் காய்வதற்கு முன்னால் மெழுகு இளகிவிடும். விரிசடை மாதிரி மெல்லிய இடம்தான் முதலில் கெடும். ஒரு அச்சில் ஒரு சிலைதான், உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். கெட்டுப்போனால் மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்கணும்.

டிசம்பர் 18 வாக்கில் வார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதன்பிறகு செதுக்க 25 நாள், நடுவில் பொங்கல். செதுக்கலைச் சுருக்கி, அரம் போட்டுத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தால் நாள் மிச்சமாகும். ஆனால் முகமும் விரல்களும் மழுங்கிப்போகும். அதை மட்டும் கேட்காதீர்கள் அம்மா.

இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

முதல் வழி, காத்திருப்பது. ஜனவரி 20 அன்று உங்கள் சாமி கோயம்புத்தூருக்குக் கிளம்பும். பேசிய 85,000 ரூபாயில் 5,000 குறைத்துக்கொள்கிறேன். முன்பணம் 40,000 போக மீதி 40,000 கொடுத்தால் போதும், அதுவும் சாமி கைக்கு வந்து பார்த்த பிறகு. அரங்கேற்ற மேடைக்கு, பட்டறையில் தயாராக இருக்கும் 12 அங்குல நடராஜரை இரவலாக அனுப்புகிறேன். டிசம்பர் 30-க்குள் வந்துவிடும். போக வர பார்சல் செலவு என்னுடையது. உங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, அந்த 12 அங்குல நடராஜரையே வாங்கிக்கொள்வது. விலை 52,000, மீதி 12,000 அனுப்பினால் இரண்டு நாளில் பார்சல் போட்டுவிடுவேன். இதில் சடை விரிந்திருக்காது, கங்கையும் கிடையாது. நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டது இது இல்லை. முன்பக்கம், பின்பக்கம், முகம் மூன்றையும் படமெடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது, ஆர்டரை ரத்து செய்வது. முன்பணம் 40,000-மும் பிடித்தம் இல்லாமல், நீங்கள் சொன்ன நாளிலிருந்து மூன்று வேலை நாளில் அதே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மெழுகுக்கும் கூலிக்கும் ஆன செலவை உங்கள் தலையில் கட்டமாட்டேன். வேறு யாராவது இந்தச் சாமியை வாங்கிக்கொள்வார்கள். இதனால் எனக்கு வருத்தம் ஏதும் இருக்காது.

டிசம்பர் 6, சனிக்கிழமை மாலைக்குள் ‘ஒன்று’, ‘இரண்டு’, ‘மூன்று’ என்று பதில் போட்டால் போதும். 12 அங்குல நடராஜரை அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நானாக எதையும் முடிவு செய்யமாட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன். அதுவரை அச்சைக் காயவைக்கும் வேலை நிற்காது.

முதல் வழி என்றால் இன்னொரு விஷயம். மழை திரும்பப் பிடித்து 18-ஆம் தேதியும் தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். அப்போதும் நீங்கள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வார்த்து அச்சை உடைத்ததும், செதுக்குவதற்கு முன்பே, வீடியோ எடுத்து அனுப்புகிறேன். கருப்பாக, கரடுமுரடாகத்தான் இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மேடைக்காக இந்தச் சாமியை எதிர்பார்த்திருந்த பாப்பாவிடம் நான் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்லுங்கள்.

செல்வம்
சுவாமிமலை
டிசம்பர் 2