கோண்டாவில் சனசமூக நிலைய நீச்சல் தடாகம்: பொதுக்கூட்டத்துக்கான திட்டக் குறிப்பு

வாசிகசாலைக்குப் பின்னால் உள்ள 4 பரப்புக் காணியில் நீச்சல் தடாகம் அமைப்பது பற்றிப் போன கூட்டத்தில் பேசியபடி, கட்டட உபகுழுவின் சார்பில் இந்தக் குறிப்பைத் தருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பிய யோசனையில் 25 மீற்றர் நீளமும், ஒரு பக்கம் 3 மீற்றர் ஆழமும், குதிக்கும் பலகையும் இருந்தன. உபகுழு அதை ஏற்கவில்லை. காசு ஒரு காரணம்தான். பெரிய காரணம் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்பதைத்தான் வருடம் முழுக்கக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்தத் தண்ணீரில் பங்கு கேட்கும் எதையும் சிறிதாகக் கட்டி, நன்றாகப் பராமரிப்பதுதான் முறை.

நாங்கள் முன்வைப்பது 16 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம் கொண்ட ஒரு பிரதான தடாகம். அதிலிருந்து விலகி 5 மீற்றருக்கு 4 மீற்றர் அளவில் குழந்தைகளுக்கு ஒரு சிறு தடாகம். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 150 கனமீற்றர், அதாவது ஒன்றரை இலட்சம் லீற்றர் தண்ணீர் நிற்கும்.

ஆழம்

பிரதான தடாகத்தின் முதல் 5 மீற்றர் 0.9 மீற்றர் ஆழத்தில் மட்டமாக இருக்கும். அடுத்த 6 மீற்றரில் தரை மெதுவாகச் சரிந்து 1.3 மீற்றருக்குப் போகும். 15க்கு 1 என்ற சரிவு அது. அதைவிடச் செங்குத்தானால் நீந்தத் தெரியாத பிள்ளை கால் வழுக்கி ஆழத்துக்குள் போய்விடும். கடைசி 5 மீற்றர் 1.3 மீற்றரில் மட்டம். இடையில் படியோ திடீர்ப் பள்ளமோ எங்கும் இல்லை. சரிவு தொடங்கும் இடத்தில் தரையில் கடும்நீல ரைல்ஸ் கோடு ஒன்று, மேலே மிதவைக் கயிறு ஒன்று.

குழந்தைகள் தடாகம் 0.3 மீற்றரில் தொடங்கி அரை மீற்றரைத் தாண்டாது. அதற்குத் தனி வேலியும் தனிப் படலையும் உண்டு, ஏனென்றால் தாய் ஒரு பிள்ளையின் தலையைத் துவட்டும் நேரத்தில் மற்றது பெரிய தடாகத்துக்கு ஓடிவிடக்கூடாது.

1.3 மீற்றர் போதாது என்று பெடியள் நிச்சயம் குறைப்படுவார்கள். கீரிமலைக் கேணியில் குதித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் இந்தத் தடாகம் கட்டுவது கிணற்றுக்கும் கடலுக்கும் பயந்த பிள்ளைகளும், சேலையோடு கரையில் நின்றே பழகிய தாய்மாரும் நீந்தப் பழகத்தான். அவர்களுக்கு நெஞ்சளவுத் தண்ணீர் போதும். தலைகீழாகப் பாய்வது எங்கும் தடை. சுற்றிவரத் தரையிலும் உட்சுவரிலும் ஆழத்தை எழுதி வைப்போம்.

தடாகம் மிதந்துவிடாமல்

கூட்டத்தில் யாரும் கேட்காத விடயம் இது, ஆனால் செலவில் பாதியைத் தீர்மானிப்பது இதுதான். கார்த்திகை, மார்கழியில் நமது கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு மேலே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தடாகத்தை வெறுமையாக்கினால், கீழேயுள்ள தண்ணீர் அதை மேலே தள்ளும். தளத்தின் அடிப்பக்கத்துக்கு மேலே நீர்மட்டம் ஒரு மீற்றர் நின்றால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஒரு தொன் தள்ளல். 25 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற் தளத்தின் எடையோ சதுர மீற்றருக்கு 0.6 தொன்தான். தளம் வெடிக்கும், அல்லது முழுத் தடாகமுமே கிளம்பும்.

ஆகவே நடைதளத்தை நிலமட்டத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயர்த்திக் கட்டுகிறோம். ஆழமான பக்கத்தில் அடிக்கொங்கிறீற்றுடன் சேர்த்து 1.2 மீற்றர் தோண்டினால் போதும்; பாறை உடைக்கும் செலவும் குறையும், வெள்ளமும் உள்ளே வராது. உயர்த்துவதால் படி மட்டும் வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்க வேண்டிவரும். அதனால் 12க்கு 1 சரிவில் 7.2 மீற்றர் நீளச் சாய்தளம் ஒன்று கட்டாயம். அதை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போட உபகுழு சம்மதிக்காது.

தளத்தில் நிலநீர் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, அடைத்துக்கொள்ளும். தடாகத்துக்கு அருகே துளையுள்ள குழாய் ஒன்றை நிலத்தில் இறக்கி வைப்போம். அதில் நீர்மட்டம் நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்குள் நிற்கும்போது எக்காரணம் கொண்டும் தடாகத்தை இறைக்கக்கூடாது. ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை குழாயைப் பார்க்கவே தேவையில்லை, இறைக்கும் பேச்சையே எடுக்கவேண்டாம்.

நிரப்புவதும் கழிவதும்

முதல் நிரப்பலைத் தை, மாசியில் செய்யவேண்டும். கிணறு நிறைந்திருக்கும் காலம் அது. நாளுக்கு 10 கனமீற்றருக்கு மேல் இறைக்காமல் 15 நாள் எடுத்து நிரப்பலாம். அவசரப்பட்டு இரவு பகலாக இறைத்தால் நமது கிணறு மட்டுமல்ல, அயற்கிணறுகளும் உவர்ப்பாகும். நிரப்ப முன்னர் தண்ணீரை உவர்த்தன்மை, கடினத்தன்மை, நைத்திரேற்று, கிருமி ஆகியவற்றுக்குப் பரிசோதிக்க வேண்டும்.

ஆவியாதலால் நாளுக்கு 5 மில்லிமீற்றர் குறையும் என்று எடுத்தால், இரண்டு தடாகங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 740 லீற்றர். இதைவிட, குளிப்பவர் ஒருவருக்கு நாளுக்கு 30 லீற்றர் புதுத்தண்ணீர் சேர்ப்பது நல்ல பழக்கம். பில்டரைத் திருப்பிக் கழுவும்போது வெளியேறும் தண்ணீரை இந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கலாம்.

அந்தக் கழுவல் தண்ணீரை ஊறவிடும் குழிக்குள் விடவே கூடாது. நமது பாறையில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. இன்று ஊற்றியது நாளை பக்கத்து வீட்டுக் கிணற்றில் வரலாம். அதற்காக 6 கனமீற்றர் கொள்ளும் திறந்த தொட்டி ஒன்று. வெயிலில் இரண்டு மூன்று நாள் நின்றபின் குளோரின் இல்லை என்று பார்த்துவிட்டு, விளையாட்டு மைதானப் புல்லுக்கு விடலாம். மலசலகூடத்துக்குக் கசிவற்ற தொட்டி, காணியின் மறு மூலையில்.

வடிகட்டும் அறை

பிரதான தடாகத்துத் தண்ணீர் முழுவதும் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிகட்டப்பட வேண்டும். அப்படியானால் மணிக்கு 35 கனமீற்றர். இதற்கு 95 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரண்டு மணல் பில்டர்கள், இரண்டு மோட்டர்கள். ஒன்று பழுதானால் மற்றது ஓடும், கூட்டத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். குழந்தைகள் தடாகத்துக்குத் தனிப் பில்டர், தனி மோட்டர், அரை மணித்தியாலச் சுற்று. சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தண்ணீர் பெரிய தடாகத்துடன் கலக்கக்கூடாது.

அறை 5 மீற்றருக்கு 4 மீற்றர். நடைதளம் உயர்ந்திருப்பதால் மோட்டர் நிலமட்ட அறையிலேயே தடாக நீர்மட்டத்துக்குக் கீழே அமையும். குழி தோண்டி மாரியில் மோட்டரை மூழ்கடிக்கும் வேலை இல்லை. அடியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாய்கள் ஒவ்வொரு தடாகத்திலும் இரண்டு, குறைந்தது 2 மீற்றர் இடைவெளியில். ஒரே வாய் வைத்தால் ஒரு பிள்ளையின் முதுகோ தலைமயிரோ அதை மூடும்போது உறிஞ்சிப் பிடித்துவிடும். மூடிகள் கழன்றால் அன்றைக்குத் தடாகம் மூடப்படும். சோளகக் காற்றில் வேப்பஞ்சருகு வடகிழக்குப் பக்கம் சேரும் என்பதால், மேற்பரப்பு உறிஞ்சும் நான்கு பெட்டிகளும் அந்தப் பக்கத்தில்.

குளோரின் திரவமாகவே வாங்குவோம். தூள் குளோரின் பெரும்பாலும் கல்சியம் சேர்ந்தது. நமது கடினத் தண்ணீருக்கு மேலும் கல்சியம் சேர்த்தால் குழாய்க்குள் சுண்ணாம்புதான் படியும். திரவம் வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் சிறிது சிறிதாக வாங்க வேண்டும். குளோரினும் அமிலமும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு கதவு, வெவ்வேறு அளவுக் கோப்பை. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மோட்டர் நின்றால் மருந்து செலுத்துவதும் தானாக நிற்க வேண்டும். கரைந்த குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.6. திறக்க முன்னும், பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் பார்த்து எழுதி, பலகையில் எல்லோருக்கும் தெரியப் போடுவோம்.

உடை மாற்றும் அறைகள்

ஆண், பெண் இருபாலாருக்கும் தனித்தனி. உதவியாளருடன் வருபவருக்கும் குழந்தையுடன் வருபவருக்கும் ஒரு குடும்ப அறை. வழி ஒன்றுதான்: செருப்பு விடும் இடம், உடை மாற்றுமிடம், மலசலகூடம், ஷவர், பிறகு தடாகம். ஷவரைத் தாண்டாமல் யாரும் தண்ணீருக்கு வரமுடியாதபடி சுவர் வரும். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டு நேரே வருபவர்களைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். எண்ணெய் மணலில் ஒட்டினால் பில்டரைக் காப்பாற்ற முடியாது. முழுக்கை, முழுக்கால் நீச்சலுடைக்குத் தடையில்லை. பருத்தித் துணி மட்டும் நூல் விடும், வேண்டாம். வீதிப்பக்கம் 2.1 மீற்றர் மதில். பெண்களுக்கு வாரத்தில் தனி நேரம், அந்த நேரத்துக்குப் பெண் பயிற்றுநரும் பெண் காவலரும்.

நடைதளம்

மூன்று பக்கம் 2 மீற்றர், உடை மாற்றும் அறைப்பக்கம் 3 மீற்றர். சொரசொரப்பான, வெளிர்நிற ரைல்ஸ். பளபளக்கும் கல் ஈரத்தில் ஆளைக் கவிழ்க்கும், கடும்நிறம் மத்தியான வெயிலில் உள்ளங்காலைச் சுடும். தளம் தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து கானுக்குள் வடியும். சுற்றிவர 1.5 மீற்றர் வேலி, கம்பி இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குள், தானாக மூடும் படலை. தண்ணீரிலிருந்து 3.5 மீற்றருக்குள் பிளக் எதுவும் இல்லை, முழு மின்சுற்றுக்கும் ட்ரிப் சுவிட்ச். தண்ணீருக்குள் விளக்கு வைக்கவில்லை, பொழுதுபடமுன் மூடிவிடுவோம்.

ஒரே நேரத்தில் பிரதான தடாகத்தில் 40 பேருக்கு மேல் இல்லை. பயிற்சி பெற்ற காவலர் இருவர் கரையில் இல்லையென்றால் படலை திறக்கப்படாது. நீண்ட தடி, மிதவை வளையம், முதலுதவிப் பெட்டி இரண்டு பக்கமும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் பெரிய எழுத்தில். அம்புலன்ஸ் வாசிகசாலை ஒழுங்கை வழியாக நடைதளம்வரை வரவேண்டும். இப்போது அந்த ஒழுங்கையில் நிற்கும் சைக்கிள் கொட்டிலை அகற்றியாக வேண்டும்.

கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டியவை

பிரதேச சபைக்குக் கட்டட அனுமதி விண்ணப்பம் போட முன்னர், மூன்று இடத்தில் சோதனைக் குழி தோண்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க உத்தரவு வேண்டும். வரும் மாரி முழுக்க நமது கிணற்றிலும் அயலில் நான்கு கிணற்றிலும் நீர்மட்டம் எழுதப்பட வேண்டும். சம்மதிக்கும் வீட்டுக்காரர் கூட்டத்திலேயே பெயர் தரலாம். இந்தக் கணக்கு வராமல் கொங்கிறீற் அளவை இறுதியாக்க முடியாது.

இன்னொன்று, காவலர் சம்பளமும் மின்கட்டணமும் மருந்துச் செலவும். கட்டுவதற்குக் காசு சேர்ப்பவர்கள் அடுத்த வருடம் மோட்டர் ஓட்டக் காசு அனுப்புவார்கள் என்று எண்ணித் தொடங்கக்கூடாது. நன்கொடையில் ஒரு பகுதியை முதலிலேயே வைப்பில் போட்டு, அதன் வட்டியையும் மாதச் சந்தாவையும் கொண்டு நடத்தலாம் என்பது உபகுழுவின் யோசனை. எவ்வளவு வைப்பில் போடுவது, சந்தா எவ்வளவு என்பதைப் பொருளாளர் கணக்கோடு வந்து சொல்வார். அதற்குப் பிறகே நன்கொடைப் புத்தகம் அடிக்கக் கொடுப்போம்.