புத்தகத்தின் பின்னிணைப்பிலிருந்து இயற்பியல் மாறிலிகள்: அட்டவணையும் சரிபார்த்த விவரமும்

அக்கா, நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்து அட்டவணையை முடித்துவிட்டேன். முதல் இரண்டு படங்களில் எழுத்து நன்றாகவே தெரிகிறது, மூன்றாவதில் புத்தகத்தின் தையல் பக்கம் வளைந்துபோய் அடுக்குகளின் கடைசி இலக்கம் மடிப்புக்குள் போய்விட்டது, நான்காவதில் டியூப்லைட் வெளிச்சம் நடுவில் விழுந்து இரண்டு வரி வெளுத்திருக்கிறது. கண்ணால் படித்ததை அப்படியே தட்டச்சு செய்யாமல், ஒரு மாறிலியை இன்னொன்றோடு கணக்குப் போட்டுப் பொருத்திப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பசங்க இதை நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு பரீட்சை வரைக்கும் பயன்படுத்தப் போகிறார்கள், அடுக்கில் ஒரு இலக்கம் தப்பினாலும் விடை மொத்தமும் போய்விடும்.

படத்தில் தெளிவாகத் தெரியாமலோ அச்சிலேயே பிழையாக இருந்தோ, கணக்கு வைத்து முடிவு செய்தவற்றுக்கு * போட்டிருக்கிறேன்.

| மாறிலி | குறியீடு | மதிப்பு | அலகு |
|---|---|---|---|
| வெற்றிடத்தில் ஒளியின் திசைவேகம் | c | 2.998 × 10⁸ | m s⁻¹ |
| ஈர்ப்பு மாறிலி | G | 6.67 × 10⁻¹¹ | N m² kg⁻² |
| பிளாங்க் மாறிலி | h | 6.626 × 10⁻³⁴ | J s |
| எலக்ட்ரான் மின்னூட்டத்தின் எண்மதிப்பு | e | 1.602 × 10⁻¹⁹ | C |
| எலக்ட்ரானின் நிறை * | mₑ | 9.109 × 10⁻³¹ | kg |
| புரோட்டானின் நிறை * | mₚ | 1.673 × 10⁻²⁷ | kg |
| நியூட்ரானின் நிறை * | mₙ | 1.675 × 10⁻²⁷ | kg |
| எலக்ட்ரானின் மின்னூட்ட எண் | e/mₑ | 1.759 × 10¹¹ | C kg⁻¹ |
| அவகாட்ரோ எண் | N_A | 6.022 × 10²³ | mol⁻¹ |
| போல்ட்ஸ்மன் மாறிலி * | k | 1.381 × 10⁻²³ | J K⁻¹ |
| பொது வாயு மாறிலி | R | 8.314 | J mol⁻¹ K⁻¹ |
| பாரடே மாறிலி * | F | 96485 | C mol⁻¹ |
| வெற்றிடத்தின் விடுதிறன் | ε₀ | 8.854 × 10⁻¹² | C² N⁻¹ m⁻² |
| வெற்றிடத்தின் உட்புகுதிறன் | μ₀ | 4π × 10⁻⁷ | T m A⁻¹ |
| ஸ்டெபான் மாறிலி * | σ | 5.67 × 10⁻⁸ | W m⁻² K⁻⁴ |
| வீன் மாறிலி | b | 2.898 × 10⁻³ | m K |
| ரிட்பர்க் மாறிலி | R∞ | 1.097 × 10⁷ | m⁻¹ |
| போர் ஆரம் | a₀ | 5.29 × 10⁻¹¹ | m |
| அணுநிறை அலகு | u | 1.661 × 10⁻²⁷ | kg |
| பூமியின் நிறை | M | 5.97 × 10²⁴ | kg |
| பூமியின் சராசரி ஆரம் | Rₑ | 6.37 × 10⁶ | m |

இப்போது * போட்டவற்றைப் பற்றி. எலக்ட்ரானின் நிறை படத்தில் 10⁻³ என்று மட்டும்தான் தெரிகிறது, அதற்குப் பின்னால் உள்ள இலக்கம் மடிப்புக்குள். மனப்பாடமாகத் தெரிந்ததுதானே என்று 31 போட்டுவிடலாம்தான், ஆனால் அதே பக்கத்தில் e/mₑ 1.759 × 10¹¹ என்று சுத்தமாகத் தெரிகிறது, e-யை அதால் வகுத்தால் 9.11 × 10⁻³¹ வந்துவிடுகிறது. புத்தகமே புத்தகத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும்போது நம் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

புரோட்டான், நியூட்ரான் இரண்டிலும் கடைசி இலக்கம் 3-ஆ 5-ஆ என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. நியூட்ரான்தான் கொஞ்சம் கனமானது, தனி நியூட்ரான் புரோட்டானாகச் சிதைவது அதனால்தான், ஆகவே 5 அதற்கு. புரோட்டான் எலக்ட்ரானைப் போல சுமார் 1836 மடங்கு என்பதை வைத்தும் பார்த்தேன், 1.6724 வருகிறது, அது 1.675-ஐவிட 1.673-க்குத்தான் நெருக்கம்.

போல்ட்ஸ்மன் வரியில் வெளிச்சம் விழுந்து 1.381 என்பது 1.881 போலத் தெரிந்தது. R-ஐ N_A-யால் வகுங்கள், 8.314-ஐ 6.022 × 10²³-ஆல் வகுத்தால் 1.381 × 10⁻²³, சந்தேகமே இல்லை.

பாரடே மாறிலிதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. படத்தில் அது 96485 போலவும் இருக்கிறது, 96435 போலவும் இருக்கிறது. N_A × e என்று பெருக்கினால் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் அட்டவணையில் உள்ள நான்கு இலக்கங்களை வைத்துப் பெருக்கினால் 96472 வருகிறது, இரண்டோடும் ஒட்டவில்லை. 1.602 என்று சுருக்கியதிலேயே பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது, அந்தச் சின்னப் பிழைதான் ஐந்து இலக்க விடையில் 13 ஆகத் தெரிகிறது. அப்புறம் 6.02214 × 10²³, 1.602177 × 10⁻¹⁹ என்று நீளமான மதிப்புகளைப் போட்டேன், 96485 வந்துவிட்டது. வகுப்பில் யாராவது பெருக்கிப் பார்த்து "அக்கா, ஒத்து வரலையே" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள், முக்கிய எண்ணுருக்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸ்டெபான் மாறிலியில் படத்தின் மேல் பழி போட முடியாது, அச்சிலேயே பிழை. K⁴ என்று இருக்கிறது, கழித்தல் குறி இல்லை. ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளியேறும் திறன் σT⁴ என்பதால் W m⁻² வர வேண்டுமானால் σ-வின் அலகில் K⁻⁴ இருந்தே ஆக வேண்டும். திருத்திவிட்டேன், உங்கள் பிரதியிலும் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

* இல்லாதவற்றையும் சும்மா விடவில்லை. ε₀, μ₀ இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் 2.998 × 10⁸, அதாவது c. GM/Rₑ² போட்டால் 9.81 m s⁻². அதனால் g-யை அட்டவணையில் சேர்க்கவில்லை, அது இடத்துக்கு இடம் மாறுவது, மாறிலிகளோடு உட்கார வைத்தால் பசங்க G-யோடு குழப்பிக்கொள்கிறார்கள். மோலார் பருமன் 22.4 லிட்டரையும் எடுத்துவிட்டேன். அது 0°C, 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துக்கு உள்ளது, 1 பார் என்று எடுத்தால் 22.7 ஆகிவிடும், அழுத்தத்தைச் சொல்லாமல் வெறும் எண்ணைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தகம் பழையது என்பதால் ஒரு விஷயம். 2019 மே 20 முதல் h, e, k, N_A நான்கும் பிழை வரம்பே இல்லாத நிலையான எண்களாக வரையறுக்கப்பட்டுவிட்டன, c அதற்கு முன்பே, 1983-இல். பதிலுக்கு μ₀ அளந்து சொல்லும் மதிப்பாகிவிட்டது, ஆனால் 4π × 10⁻⁷ இன்னும் பசங்க கணக்குக்குத் தாராளமாகப் போதும். நான்கு இலக்கத்தில் எதுவும் மாறாததால் அட்டவணையில் கை வைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது மேற்குறி போய் 10⁻³⁴ என்பது 10-34 ஆகிவிடக்கூடும், அதனால் பசங்களுக்கு அனுப்ப வேண்டியதைப் படமாகவே அனுப்புங்கள். எக்செல்லில் போடுவதற்கு இந்த மாதிரி எழுதிய கோப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்:

```
குறியீடு,மதிப்பு,அலகு
h,6.626e-34,J s
k,1.381e-23,J K^-1
F,96485,C mol^-1
```

இதில் மதிப்புக்குள் வரும் e பத்தின் அடுக்கைக் குறிப்பது, மின்னூட்டம் இல்லை. அதேபோல k போல்ட்ஸ்மன், K கெல்வின், அச்சு எடுக்கும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான்காவது படத்தின் கீழ் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு வரி இருக்கிறது, "காந்த" என்பது மட்டும் தெரிகிறது. போர் மாக்னட்டானாக இருக்கலாம், ஆனால் ஊகத்தில் சேர்க்கவில்லை. முடிந்தால் அந்தப் பக்கத்தை ஜன்னல் பக்கம் வைத்து, லைட்டை அணைத்துவிட்டு, நேர் மேலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், இன்று ராத்திரிக்குள் சேர்த்துவிடுகிறேன்.