சிகிச்சைக் காலத்தில் பிற்பகல் மட்டும் பள்ளிக்கு வர அனுமதி வேண்டி

3 ஜூலை 2025

அனுப்புநர்
வசந்தி,
கவினின் தாய் (ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு).

பெறுநர்
தலைமையாசிரியை அவர்கள்.

பொருள்: 14 ஜூலை முதல் 19 செப்டம்பர் வரை, பத்து வாரங்களுக்கு, என் மகன் பிற்பகல் வகுப்புகளுக்கு மட்டும் வர அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். கவினுக்கு மூட்டு வலி இருப்பதும் அதற்காக அவன் அடிக்கடி விடுப்பு எடுத்ததும் தங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: இளம்பருவ மூட்டழற்சி. பதினாறு வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு வாரங்களுக்கு மேல் மூட்டில் வீக்கம் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாதபோது மருத்துவர்கள் இந்த முடிவுக்கு வருகிறார்கள். உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது இது. தொற்றாது. கீழே விழுந்ததாலோ புத்தகப் பையின் பாரத்தாலோ வந்ததும் அல்ல. அவனுக்கு இரண்டு முழங்கால்களும், வலது மணிக்கட்டும், சில விரல் மூட்டுகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன.

11 ஜூலை, வெள்ளிக்கிழமை, மயக்க மருந்து கொடுத்து இரு முழங்கால்களுக்குள்ளும் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அடுத்த திங்கள் முதல் பத்து வாரங்களுக்கு, வாரத்தில் ஐந்து நாளும் காலை 9.30 முதல் 11 மணி வரை பிசியோதெரபி. அந்த இடத்திலிருந்து பள்ளிக்கு வர நாற்பது நிமிடமாவது ஆகும். ஆகவே ஐந்தாம் பாடவேளை தொடங்கும் 12.15 மணிக்கு அவன் வகுப்பில் இருப்பான். கடைசி மணி வரை இருந்துவிட்டு வழக்கம்போல் பள்ளிப் பேருந்தில் வீடு திரும்புவான். மருத்துவரின் கடிதத்தையும் பயிற்சி அட்டவணையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் இவ்வளவுதான். இதை இத்துடன் முடித்துக்கொண்டால், தாங்கள் அனுமதித்த பிறகும் ஒரு கேள்வி ஆசிரியர்கள் மனத்தில் தங்கிவிடும் என்பதால் தொடர்ந்து எழுதுகிறேன். "மதியம் மைதானத்தில் நன்றாகத்தானே ஓடுகிறான், காலையில் மட்டும் என்ன வந்தது?" இந்தக் கேள்வியை ஓர் ஆசிரியர் ஏற்கெனவே ஒருமுறை அவனிடம் கேட்டுவிட்டார். கேட்ட ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. நோயின் பெயர் தெரியும் வரை நானும் அதையேதான் கேட்டேன், அதுவும் இதைவிடக் கடுமையாக.

இந்த நோயின் குணமே அதுதான். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் விறைத்துப்போகிறது. நடமாட நடமாட இளகுகிறது. கவின் ஆறரை மணிக்கு எழுந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் இருபது நிமிடம் வைத்திருப்பான். அதன் பிறகுதான் விரல்கள் மடங்கும். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல், மேல் இரண்டை மட்டும் திறந்துவைத்துச் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொள்ளும் உத்தியை அவனே கண்டுபிடித்தான். எங்களிடம் சொல்லவில்லை, சட்டைகள் எல்லாம் கழுத்துப் பக்கம் நைந்திருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டறிந்தேன். மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவான். அதே பையன் பதினொரு மணிக்குப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான். இரண்டுமே உண்மை. பிற்பகலில் அவன் ஓடுவதைப் பார்ப்பவர்கள், காலையில் அவன் சொன்னது பொய் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வேண்டிக் கேட்பது.

முழு விடுப்பு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். மருத்துவர் அதை விரும்பவில்லை. வீட்டில் படுத்திருந்தால் மூட்டு மேலும் இறுகும், சுற்றியுள்ள தசையும் மெலியும் என்கிறார். எனக்கு வேறொரு காரணமும் உண்டு. விடுப்பு எடுத்த நாட்களில் அவன் யாருடனும் பேசுவதில்லை. மாலையில் நண்பன் வந்து அன்றைய வகுப்புக் கதையைச் சொன்ன பிறகுதான் முகம் தெளியும்.

பள்ளியிலிருந்து எனக்கு வேண்டிய உதவிகளில் முதலாவது வருகைப் பதிவு. காலையில் அவன் வராத பாடவேளைகளை வெறும் 'வரவில்லை' என்று குறிக்காமல், மருத்துவக் காரணம் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டுகிறேன். ஆண்டு இறுதியில் யாராவது நாட்களைக் கூட்டிப் பார்க்கும்போது, இந்தப் பத்து வாரங்களுக்கு நான் புதிதாக விளக்கம் எழுத வேண்டியிருக்கக் கூடாது. அதேபோல் பன்னிரண்டு மணிக்கு வருகிற மாணவனை வாயிற்காவலர் நிறுத்தி விசாரிப்பது இயல்பு. தினமும் ஒரு சீட்டு எழுதித் தருவதற்குப் பதிலாக, பத்து வாரங்களுக்கும் செல்லும் ஓர் அனுமதி அட்டை கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை குறையும்.

பாடங்களில்தான் உண்மையான இழப்பு. ஏழாம் வகுப்பு அட்டவணையில் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் முதல் நான்கு பாடவேளைகளில் வருகின்றன. ஒரு மாணவனுக்காக அட்டவணையை மாற்றும்படி கேட்பது நியாயமல்ல, கேட்கவும் இல்லை. வகுப்புத் தோழன் ஒருவனின் கணித, அறிவியல் குறிப்பேடுகளை மாலையில் படம் எடுத்துக்கொள்ள அவனை அனுமதித்தால் போதும். வாரம் ஒருமுறை, பிற்பகல் ஓய்வு வேளையில், கணித ஆசிரியர் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் பெரிய உதவி. முடியாவிட்டால் வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் (ஏழாம் வகுப்பு இயற்கணிதம் வரை எனக்கு வரும், அதற்கு மேல் கேட்காதீர்கள்). ஒரு வேண்டுகோள்: விட்டுப்போன வகுப்புகளின் வீட்டுப்பாடம் முழுவதையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டாம். மணிக்கட்டு வலிக்கிற பையன் பத்துக் கணக்கில் மூன்றைச் செய்து காட்டினாலே, அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

தேர்வு பற்றி ஒன்று. முதல் பருவத் தேர்வு 15 செப்டம்பர் தொடங்குவதாக நாட்காட்டியில் இருக்கிறது. அது சிகிச்சையின் கடைசி வாரம். எல்லாத் தாள்களும் காலையில்தான். அந்த ஐந்து நாட்களும் பயிற்சியை மாலைக்கு மாற்றித் தருவதாகப் பிசியோதெரபிஸ்ட் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் விரல்களின் காலை விறைப்பை மாலைக்கு மாற்ற அவராலும் முடியாது. ஆகவே அவன் தேர்வைப் பிற்பகலில் எழுத அனுமதிக்க வேண்டும்; அல்லது காலையிலேயே எழுதுவதானால் மணிக்கு பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். பிற்பகலில் எழுதுவதென்றால், காலையில் எழுதி முடித்தவர்களோடு அவன் பேசாமல் இருக்க ஏற்பாடு தேவை என்பது எனக்குத் தெரியும். அலுவலக அறையிலேயே அவனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது பள்ளிக்கு எளிதோ அது எங்களுக்குச் சம்மதம்.

வகுப்பறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. பிற்பகலில் படியேறுவது அவனுக்குச் சிரமம் இல்லை. மணி அடித்ததும் நூறு பேர் முண்டியடித்து இறங்கும்போது இறங்குவதுதான் சிரமம். ஐந்து நிமிடம் முன்னதாக வகுப்பை விட்டுப் புறப்பட அனுமதித்தால் நல்லது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று காலை நீட்ட வேண்டியிருப்பதால் கதவோரம் கடைசி வரிசையில் இடம் கொடுத்தால் யாருக்கும் மறைக்காது. விளையாட்டு வகுப்பிலிருந்து அவனை முழுவதுமாக ஒதுக்கிவைக்க வேண்டாம். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் குதிப்பதும் ஓடுவதும் மட்டும் கூடாது. அதை அவனே சொல்வான், சொன்னால் நம்புங்கள்.

மருந்தைப் பற்றிப் பள்ளி கவலைப்பட வேண்டியதில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு முறை, வெள்ளி இரவு, என் கையால் கொடுக்கிறேன். குமட்டல் வந்தாலும் சனிக்கிழமையோடு போய்விடும். வலி மாத்திரை காலையும் இரவும் வீட்டிலேயே. பள்ளியில் அவன் விழுங்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் இந்த மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பு சக்தியைச் சற்றுக் குறைக்கும். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால், அன்றைக்கே எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் பெயர் எனக்கு வேண்டாம். நோயின் பெயரும் நாளும் போதும். காத்திருக்காமல் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால்தான் இந்த அவசரம்.

இன்னொன்று, ஆசிரியர்களின் கண்தான் எனக்கு உதவ வேண்டும். இந்த நோய் சில குழந்தைகளின் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது, சிவப்பும் தெரியாது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை நடக்கிறது. இடையில் அவன் பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாலோ, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாலோ எனக்குத் தெரிவியுங்கள்.

வகுப்பில் என்ன சொல்வது என்று கவினிடமே கேட்டேன். "மூட்டு வலிக்கு டிரீட்மென்ட், காலையில் பயிற்சி, அவ்வளவுதான்" என்று சொல்லச் சொன்னான். 'வாதம்' என்ற சொல் வேண்டாமாம். அது தாத்தாக்களுக்கு வருவது என்று சிரிப்பார்களாம். வகுப்பாசிரியை அதே சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். ஸ்டீராய்டோ மற்ற மருந்து விவரங்களோ ஆசிரியர்களோடு நிற்கட்டும்.

22 ஆகஸ்ட் அன்று, ஆறாம் வார முடிவில், மருத்துவர் மறுபடி பார்க்கிறார். மெத்தோட்ரெக்சேட் முழுப் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. பயிற்சியைக் குறைத்தால் அவனை முன்னதாகவே முழு நாளுக்கு அனுப்புவேன். நீட்டித்தால் புதிய சான்றிதழோடு மறுபடி விண்ணப்பிப்பேன். எதுவானாலும் 25 ஆகஸ்ட், திங்கட்கிழமைக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுகிறேன்.

நேரில் பேச வேண்டுமென்றால் 11 ஜூலைக்கு முன் எந்த நாள் பிற்பகலிலும் வரத் தயாராக இருக்கிறேன். வகுப்பாசிரியையும் கணித ஆசிரியரும் உடனிருந்தால் நல்லது. கவினையும் அழைத்து வருகிறேன், அவனிடமும் தாங்கள் கேட்கலாம். பள்ளிப் பதிவில் உள்ள என் கைபேசி எண் மாறவில்லை. பயிற்சி நேரத்தில் மட்டும் அழைப்பை எடுக்க முடியாது. குறுஞ்செய்தி அனுப்பினால் பதினொரு மணிக்குத் திரும்ப அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வசந்தி

இணைப்பு: மருத்துவரின் கடிதம், பிசியோதெரபி அட்டவணை.