நான்காம் நாற்காலி

சாவி கைக்கு வந்த அன்று கயலிடம் இருந்தவை ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு வாளி. நாற்காலி மாடிப்படிக்கு அடியில் குப்பை வண்டிக்காகக் கவிழ்ந்து கிடந்தது. பின்னங்கால் ஒன்று ஆடியது. பிரம்புப் பின்னலில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா?”

வீட்டுக்கார அம்மாள் நாற்காலியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். “உட்கார முடியாதே.”

“தெரியும்மா.”

காலைப் பிடுங்கியதும் உள்ளே பழைய பசை, கட்டிதட்டிய வெல்லப்பாகு நிறத்தில். அதன் மேலேயே புதுப்பசையைத் தடவினாள். மறுநாள் கால் கையோடு வந்துவிட்டது. பிறகு கத்தி முனையால் மரம் தெரியும்வரை சுரண்டி, ஒட்டி, நான்கு கால்களையும் கயிற்றால் சுற்றி, இடையில் கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினாள். பிடித்துக்கொண்டது.

பின்னல்தான் உயிரை எடுத்தது. சட்டத்தைச் சுற்றி 72 துளைகள். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு சுற்று. முதல் தடவை நாரை ஊறவைக்காமல் பின்னி, மடிந்த இடமெல்லாம் முறிந்தது. இரண்டாம் தடவை வாளியில் ஊறவைத்தாள். அந்த வாரம் குளியல் சொம்பு கணக்கில்தான். ஈரத்தில் தொய்ந்து கிடந்த பின்னல், விடிந்ததும் விரலால் சுண்டினால் ஒலித்தது.

சட்டத்தின் அடியில் பென்சிலால் 4 என்று எழுதியிருந்தது. தச்சர் கை. மற்ற மூன்றும் எந்த வீட்டில் இருக்கின்றனவோ.

அதன்பின் அறையில் எல்லாவற்றையும் நாற்காலியே தீர்மானித்தது. வெளிச்சம் பார்த்து அது ஜன்னலோரம் போனது. அதன் கைப்பிடி உயரத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றோடு மேசை தேடினாள். கடைக்காரர் சிரித்தார். மூன்றாவது கடையில் முடிச்சும் மேசையும் ஒத்துப்போயின. விளக்கு இடது பக்கம், அலமாரி கை எட்டும் தூரத்தில். ஒரு தட்டு, ஒரு கோப்பை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அலுவலகத் தோழி சொன்னபோதுதான் உறைத்தது. அறை முழுக்க ஓர் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. இன்னொரு கோப்பை வாங்கினாள். இன்னொரு நாற்காலி வாங்க மனம் வரவில்லை.

தோழி வந்தாள். பின்னலைத் தடவிப் பார்த்தாள். “நீயேவா?” என்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “இதிலா? எனக்குப் பயம்மா.” செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயை விரித்தாள், தன் வீடு மாதிரி.

கயல் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்து நடுவில் போட்டாள். அதன்மேல் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கோப்பைகள். ஆளுக்கொரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, கைப்பிடிக்குக் கீழே கைநீட்டி எடுத்துக்கொண்டார்கள்.