ஜன்னல் மேஜை

“எங்கல இருக்க?” என்றான் இசக்கி.

“கடையிலதான். ஜன்னல் மேஜை.”

“ஜன்னல் மேஜையில நாம்லா இருக்கேன்!”

சுடலை இருந்தது ஜங்ஷன் கிளையில், இசக்கி வண்ணார்பேட்டைக் கிளையில். நடுவே ஆறும் சுலோசன முதலியார் பாலமும். இரண்டிலும் ஒரே பச்சை நாற்காலி, ஒரே நெல்லையப்பர் தேர் படம், அதனால் சண்டை முடிகிற வழியாக இல்லை.

“வழக்கமான கடைன்னா ஜங்ஷன்தாம்ல.”

“உனக்கு வழக்கம். வேலை முடிஞ்சு எனக்கு இதுதான் பக்கம், நீ வா.”

“நான் ஏன் வரணும்? தப்பு உம்மேல.”

இசக்கி மேஜையைப் பார்த்தான். இரண்டு பப்ஸ், ஒரு காபி, ஓரத்தில் பில்.

“சரி, வராண்டாம். நீ வாங்கித் தாரேன்னுதான் நான் பர்ஸ் எடுக்கல. நூத்திப்பத்து ரூவா, போன்ல போட்டு விடு.”