காய்ச்சல் விட்டாச்சு

செல்வராணி ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தும்போதே திண்ணையிலிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது. "காய்ச்சல் விட்டாச்சு நர்சம்மா. நீங்க அடுத்த வீட்டைப் பாருங்க."

கடையம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் கிராம சுகாதார செவிலியராக வந்த நாளிலிருந்து, ஐப்பசி பிறந்தாலே செல்வராணிக்கு அந்த வார்த்தைமேல் நம்பிக்கை கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னைக்கு ஆச்சி தொடங்கிச்சு?"

"ஞாயித்துக்கிழம ராத்திரி. அனலா கொதிச்சான். இன்னைக்கு வியாழன். காலையில தொட்டுப் பாத்தா பச்சத்தண்ணி மாதிரி இருக்கான். எல்லாம் நிலவேம்புக் கசாயம்தான்."

உள்ளே வாசலை ஒட்டி மாரியம்மாள் மடியில் சொளவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையில் தூளை வைத்து, உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்ததை எடுத்தாள். நர்சம்மாவுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தாளே தவிர விரல் நிற்கவில்லை. சனிக்கிழமை பீடிக்கடையில் ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் அடுத்த வாரம் இலையை வெட்டிக் குறைத்துவிடுவார்கள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. மழைக்காலத்தில் அங்கிருந்து பணம் வருவது வந்தால்தான் உண்டு.

அவளுக்குப் பின்னால் கோரைப்பாயில் முத்து சுருண்டு கிடந்தான். ஒன்றாம் வகுப்பு. தடுப்பூசி போடப் போனால் தெருக்கோடிவரை ஓடுகிற பயல். இன்று நர்சம்மா வந்ததைப் பார்த்தும் அசையவில்லை. செல்வராணிக்கு அதுதான் முதலில் உறைத்தது.

"சாப்பிட்டானா?"

"ரெண்டு வாய் கஞ்சி. அதையும் கக்கிட்டான்," என்றாள் மாரியம்மாள். "விடியக்காலத்துல இருந்து மூணு தடவ. வயிறு வலிக்குங்கான்."

"ஒண்ணுக்கு எப்ப போனான்?"

மாரியம்மாள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தெருவைப் பார்த்தார். ராத்திரி போனானோ என்னவோ, இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"மருந்து என்ன குடுத்தீங்க?"

மாடத்திலிருந்து அட்டைகள் வந்தன. ஒன்று பாரசிட்டமால். இன்னொன்று மருந்துக்கடைக்காரர் 'உடம்பு வலிக்கு' என்று சேர்த்துக் கொடுத்த வலி மாத்திரை. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ரத்தக் கசிவைக் கூட்டிவிடக்கூடிய வகை அது. செல்வராணி அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது இனி வேண்டாம் மாரி. இப்பவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருவோம். நானும் வாரேன்."

"காய்ச்சல் இருந்தப்ப போவாம, விட்ட பெறவு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் பேச்சியம்மாள். கேள்வி நியாயமானதுதான். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். டெங்குவில் சூடு இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டிப்படும், பிள்ளை திடீரென்று மயங்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அவள் இந்தத் திண்ணையில் பல தடவை ஒப்பித்திருக்கிறாள். தலையாட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

"அவுககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்," என்று மாரியம்மாள் இழுத்தாள்.

"போன் போடு, கேப்போம்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாரத்தில் நிற்பவன் எப்படி எடுப்பான்?

பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "போன வருசம் மூத்தவளுக்குக் காய்ச்சல்னு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். 'சாகக் கெடக்கும்போது தூக்கிட்டு வாரியளே, நீங்கல்லாம் மனுசங்களா'ன்னு நாலு பேரு முன்னால அந்தம்மா ஏசினாவ. இவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அங்க எட்டு நாள் கெடந்ததுல பீடிக்கடையில இலையும் நிறுத்திட்டான். திரும்ப வாங்க நான் அவன் கால்ல விழாத கொறைதான்."

ஆக, விஷயம் காய்ச்சல் இல்லை. செல்வராணி அந்த அம்மாளுக்காக வக்காலத்து வாங்கவில்லை. "அப்படிப் பேசினது தப்பு ஆச்சி," என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "இங்க வாங்க. உங்க கையால ஒண்ணு பாருங்க," என்றாள்.

பேச்சியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"நெத்தியத் தொடுங்க."

"சூடு இல்ல. அதத்தான சொல்லுதேன்."

"இப்ப பாதத்தத் தொடுங்க."

கிழவியின் உள்ளங்கை பேரனின் பாதத்தில் பதிந்து அங்கேயே நின்றது. மற்றப் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். செல்வராணி முத்துவின் கைவிரலைத் தூக்கி, நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள். நகம் வெளுத்துப் போனது. தன் நகத்தையும் அப்படியே அழுத்திக் காட்டினாள். அவளுக்குச் சட்டென்று சிவப்பு ஓடி வந்தது. பையனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகும் மெல்லத்தான் வந்தது.

"காய்ச்சல் விட்டு நல்லாயிட்டா பிள்ளை பசிக்குதுன்னு கேக்கும், எந்திரிச்சு ஓடும். இவன் ஓடுதானா ஆச்சி?"

பேச்சியம்மாள் பதில் சொல்லவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, சொளவக் கீழ வையி."

"யத்தே, சனிக்கெழம..."

"நான் சுத்துதேன். கண்ணு தெரியாட்டி கைக்கு என்ன? பத்தாததுக்கு அடுத்த வீட்டு இசக்கிய கூப்பிட்டுக்கிடுதேன். மூத்தவ பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளையத் தூக்கு."

108க்குப் பேசினால் வண்டி வேறொரு கேசில் இருப்பதாகவும், வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். காத்திருக்க மனம் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஆட்டோவை இசக்கியின் மகன் ஓடிப்போய்க் கூட்டி வந்தான். செல்வராணி தன் பையிலிருந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் ஊற்றினாள். "மடக்கு மடக்கா வேண்டாம். கரண்டி கரண்டியா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. கக்கினா பத்து நிமிசம் விட்டுட்டு மறுபடி குடு."

மாரியம்மாள் ஏறியதும், பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மடங்கிய நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டை மருமகள் கையில் திணித்தார். பிறகு செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க யாரும் இவள ஏசாமப் பாத்துக்கிடணும். அது உம்பாடு தாயி."

"டாக்டர்கிட்ட மொதல்ல நான் பேசுதேன் ஆச்சி."

சொன்னபடி ஆட்டோவுக்கு முன்னாலேயே ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்து, நாலாம் நாள், சூடு இறங்கியிருக்கிறது, மூன்று வாந்தி, வயிற்று வலி, கால் சில்லிட்டிருக்கிறது, சிறுநீர் போனது தெரியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். டாக்டர் வாசலுக்கே வந்து பையனை வாங்கினார். ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.

"தென்காசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பணும்மா. சொட்டு ஏறிக்கிட்டே போகட்டும், ஆம்புலன்ஸ் வருது," என்றார் டாக்டர் மாரியம்மாளிடம். "அங்க மணிக்கு ஒருதரம் பாப்பாங்க. இன்னைக்கே கொண்டு வந்தீங்களே, அது போதும்."

மாரியம்மாள் அழத் தொடங்கினாள். செல்வராணி அவளை அழவிட்டு வெளியே வந்து, கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் முருகேசனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நம்ம ஊரு மேலத்தெரு. நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணி வருதுன்னு வீட்டுக்கு ரெண்டு டிரம் பிடிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணுக்கும் மூடி இல்ல. இன்னைக்கே மருந்தோட வாங்க."

"போன வாரம்தானம்மா போனேன். அந்தப் பேச்சியம்மா உள்ளயே விடல. தண்ணி நாறும்னு சண்டைக்கு வந்துச்சு."

"இன்னைக்கு விடுவாங்க. மொதல்ல அந்த வீட்டுக்கே போங்க," என்றாள் செல்வராணி. "பக்கத்துல இசக்கி வீட்டையும் பாருங்க. அவங்க சின்னவளுக்கும் நேத்துல இருந்து உடம்பு சுடுதாம். சாயங்காலம் நான் அங்க வாரேன்."