கயல்விழி திருமணம்: அழைப்பிதழும் அண்ணன் பேசியதும்

திருமண அழைப்பிதழ்

குலதெய்வத்தின் அருளாலும்,
எங்கள் இல்லத் தலைவர்
தெய்வத்திரு. க. சுந்தரம் அவர்களின் நல்லாசியாலும்

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் பராபவ வருடம் ஆவணி மாதம், 13.9.2026 ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறையில், காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்,

தெய்வத்திரு. க. சுந்தரம் – திருமதி சு. மல்லிகா தம்பதியரின் மகள்
திருநிறைசெல்வி சு. கயல்விழி, பி.எஸ்சி., பி.எட்.

அவர்களுக்கும்,

திரு. வே. கதிரேசன் – திருமதி க. வள்ளி தம்பதியரின் மூத்த மகன்
திருவளர்செல்வன் க. அருண், பி.இ.

அவர்களுக்கும், பெரியோர்கள் நிச்சயித்தபடி, எங்கள் வீட்டு முற்றத்தில் திருமணம் நடைபெற உள்ளது. தாங்கள் குடும்பத்துடன் முன்னதாகவே வந்திருந்து மணமக்களை வாழ்த்தி, எங்களோடு அமர்ந்து உணவருந்திச் செல்ல வேண்டுகிறேன்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
திருமதி மல்லிகா சுந்தரம்

உடன் அழைத்து மகிழும்,
க. மாணிக்கம் – மா. சாரதா (சித்தப்பா, சித்தி)
சு. எழிலன் – எ. தேன்மொழி (அண்ணன், அண்ணி)
மற்றும் உற்றார், உறவினர், நண்பர்கள்

மொய், அன்பளிப்பு தவிர்க்கவும்.

அப்பாவுடன் வேலை பார்த்தவர்களுக்கான பத்திரிகைகளில் மட்டும் உள்ளே வைத்த துண்டுச் சீட்டு

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம். அவர் இருந்திருந்தால் நேரில் வந்து, உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போதுதான் பத்திரிகையை எடுத்து நீட்டியிருப்பார். என்னால் எல்லா வீட்டுக்கும் வர முடியவில்லை. தபாலில் அனுப்பியதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அவருடன் ஒரே கம்பத்தில் ஏறி நின்றவர்கள் நீங்கள். நீங்கள் வராத கல்யாணத்தை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டாயம் வாருங்கள். – மல்லிகா

திருமணத்தன்று, தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் எழிலன் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். முதல் பந்திக்கு இலை போட்டாச்சு என்று சித்தப்பா கை காட்டுகிறார். ஐந்து நிமிடம்தான். அதற்கு மேல் போனால் மைக்கைப் பிடுங்கச் சொல்லி நானே ஆள் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அப்பாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாதான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மைக் என்றால் அம்மாவுக்கு ஆகாது. அதனால் நான் பேசுகிறேன்.

உங்கள் கைக்கு வந்த பத்திரிகையைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து முதல் மாதிரி வந்தபோது அப்பா பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 'லேட்' என்று போட்டிருந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. நான் அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "உங்கப்பா ஊர்ல நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் லேட்டாத்தான் போனாரு. பொண்ணு கல்யாணத்துக்காவது அப்படிப் போட வேண்டாம்டா."

அப்பாவின் நண்பர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். 1986இல் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றார், 36 வருஷம். எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் பாதி வழியில் போன் வரும். எங்கேயோ கம்பி அறுந்திருக்கும், எங்கேயோ ஃபியூஸ் போயிருக்கும். எங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார். கடைசிப் பந்தி முடிகிற நேரத்தில், சட்டையெல்லாம் கசங்கி, வந்து நிற்பார். வந்த உடனே சாப்பிடவும் மாட்டார். பந்தலைச் சுற்றி ஒரு நடை போய், சீரியல் லைட் வயரை எங்கேயாவது வெறும் கம்பியாக முறுக்கி விட்டிருக்கிறார்களா, இரும்புத் தூணில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். மற்ற அப்பாக்கள் எல்லாம் விபூதி வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, நம் அப்பா மட்டும் ஏன் டெஸ்டரும் கையுமாக ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறார் என்று.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். 'லேட்' வேண்டாம் என்றதும் சித்தப்பா 'அமரர்' என்றார். கயல் 'தெய்வத்திரு' என்றாள். மற்ற எல்லோர் பெயருக்கும் முன்னால் 'திரு' வருகிறதே, அப்பா பெயரிலும் அது இருக்கட்டும் என்பது அவள் நியாயம். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அடுத்தது, யார் பெயரில் அழைப்பது என்ற பேச்சு. அம்மா, "மாணிக்கம் பேர்லயே போட்டுடுங்க, அதுதான் முறை" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அண்ணி, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க கூப்பிடாம நான் எப்படிக் கூப்பிடுறது? நானே உங்க பத்திரிகைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். சித்தப்பா, நீங்கள் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு, இத்தனை பேர் முன்னால் உங்களைக் கும்பிடுகிறேன். இன்றைக்குக் காலையில் நீங்களும் சித்தியும் கயலைத் தாரை வார்த்துக் கொடுத்தபோது, அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். அதையும் பார்த்தேன்.

மண்டபம் பிடிக்காமல் வாசலில் ஏன் கல்யாணம் என்று சிலர் கேட்டீர்கள். செலவுக்காக இல்லை. பந்தல் போட்டவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது ஞாபகம் இருக்கும். டெல்டா பக்கம் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள். அப்பாவும் போனார். மூன்று வாரம் ஆளைக் காணோம். கயல் அப்போது பிளஸ் டூ. தினமும் ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுப் பார்ப்பாள். அங்கே டவரே இல்லாமல் இருந்தது. திரும்பி வந்தவரின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கயல் மருந்து போட்டுவிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு கிராமத்தில் பந்தல், பாத்திரம் எல்லாம் புயலோடு போய்விட்டதாம். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்காமல் வீட்டு வாசலிலேயே தாலி கட்டினார்களாம். இவர்கள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து அந்தத் தெருவுக்கு லைட் வரவும், பொண்ணு மாப்பிள்ளை உள்ளே நுழையவும் சரியாக இருந்ததாம். சொல்லிவிட்டு, "உனக்கும் நம்ம வாசல்லதான் கல்யாணம். மண்டபத்துல வயரிங் எவன் பண்ணினானோ, யாருக்குத் தெரியும்?" என்றார். அன்றைக்கு நாங்கள் அதை ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இந்த வீட்டுக்கு வயரிங் அவர் பண்ணினது.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் கூட முழுதாக வீட்டில் இருக்கவில்லை. 2023இல் போய்விட்டார். அதைப் பற்றி இன்றைக்குப் பேசப்போவதில்லை. நல்ல நாளில் கண் கலங்க வைக்காதே என்று அம்மாவின் கட்டளை. ஆனால் பேரைச் சொல்லாமலும் இருக்காதே என்றும் சொன்னார். இரண்டுக்கும் நடுவில்தான் நான் இப்போது கம்பி மேல் நடந்துகொண்டிருக்கிறேன்.

கதிரேசன் மாமா, வள்ளி அத்தை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் உட்காருவதற்கு முன்னால் செய்த ஒரு காரியம் எங்கள் யாருக்கும் மறக்காது. மாமா கூடத்தில் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பில்லாத காலோடு ஒரு நிமிடம் அதன் முன்னால் நின்றார். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, "சம்பந்தி என்ன வேலையில இருந்தாங்க?" என்றார். அன்றைக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை. பொண்ணே இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் மாமா 'சம்பந்தி' என்றுதான் சொன்னார். அந்த இடத்திலேயே அம்மா முடிவு பண்ணிவிட்டார் என்று நினைக்கிறேன். ஜாதகம், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மாப்பிள்ளை, உங்களுக்கு நான் புத்தி சொல்ல மாட்டேன். மச்சான் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? ஒரு தகவல் மட்டும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி திடீரென்று கரண்ட் போனால் கயல் பயப்பட மாட்டாள். எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் எல்லா வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்ப்பாள். சின்னப் பிள்ளையிலிருந்து அப்பா பழக்கினது. அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள், போதும்.

கயல், உனக்கு எழுதி வைத்திருந்ததைக் காலையில் படித்துப் பார்த்தேன். என்னால் படிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. காகிதத்தை உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே போய்ப் படித்துக்கொள். அப்பாவின் டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடைக்கு வர நினைத்தேன். பட்டுச் சட்டை கிழிந்துவிடும் என்று அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். இப்போது அது அம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கிறது. உன்னை வழியனுப்பும்போது உனக்குத் தருவாராம். இதை ரகசியமாக வைத்திருக்கச் சொன்னார், உளறிவிட்டேன்.

சித்தப்பா மறுபடி கை காட்டுகிறார். ராஜேந்திரன் மாமா, அப்பாவோடு அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், விடியற்காலை நாலு மணிக்கே வந்து பந்தல் வயரை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். நேற்று மழைத் தூறல் விழுந்ததே, தூண் எதையும் தொடலாமா என்று யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மாமா இன்னும் சாப்பிடவில்லை. அவரை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் வாருங்கள்.